விடுமுறையைச் சேர்த்த பிறகும் முடியும் தேதி முன்னதாகவே வருகிறது: திட்ட நாட்காட்டி பற்றிய ஓர் இழை

தளப்பொறியாளர் · ஜூன் 3, காலை 9.10

எம்.எஸ். புராஜெக்ட் மென்பொருளில் ஓர் இயந்திர அஸ்திவார வேலைக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் தளத்தில் திங்கள் முதல் சனி வரை வேலை நடக்கும். காலை 8 முதல் 12 வரையும், பிற்பகல் 1 முதல் மாலை 7 வரையும் ஆட்கள் இருப்பார்கள். ஆகவே `Change Working Time` பெட்டியில் "தளம்" என்ற பெயரில் தனி நாட்காட்டி உருவாக்கி, முதல் வாரத்து வியாழக்கிழமையை விடுமுறையாகச் சேர்த்தேன். கம்பி கட்டும் வேலைக்கு 10 நாள் என்று கொடுத்திருக்கிறேன். அது திங்கட்கிழமை தொடங்குகிறது. விடுமுறையைக் கழித்து விரல்விட்டு எண்ணினால் இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை முடிய வேண்டும். மென்பொருளோ புதன்கிழமை முடிந்துவிடும் என்கிறது. நான் சேர்த்த விடுமுறையை அது எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். எங்கே பார்க்க வேண்டும்?

பட்டைவரைபடம் · ஜூன் 3, காலை 9.48

புதிய நாட்காட்டியை உருவாக்கினால் மட்டும் போதாது. அதுதான் இந்தத் திட்டத்தின் நாட்காட்டி என்று தனியாகச் சொல்ல வேண்டும். `Project Information` பெட்டியில் `Calendar` என்ற இடத்தில் இன்னும் `Standard` என்றுதான் இருக்கும். அதை மாற்றுங்கள், தேதி சரியாகிவிடும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இடறுகிற இடம் இது.

அட்டவணையாளர் · ஜூன் 3, காலை 11.30

பட்டைவரைபடம் சொல்வது பொதுவாக உண்மைதான், ஆனால் இங்கே அது காரணமாக இருக்க முடியாது. `Standard` நாட்காட்டியில் சனியும் ஞாயிறும் வேலை கிடையாது, இவருடைய வியாழக்கிழமை விடுமுறையும் அதில் இருக்காது. அந்த நாட்காட்டி ஓடியிருந்தால் 10 நாள் வேலை இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு முடிந்திருக்கும். இவர் எதிர்பார்க்கிற கிழமையும் அதுவேதான். அதாவது, தவறான நாட்காட்டி இருந்திருந்தால் தற்செயலாகச் சரியான கிழமை கிடைத்து, இவர் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டார்.

தளப்பொறியாளருக்கு ஒரு வேண்டுகோள். முடியும் தேதியோடு மணியும் தெரியும்படி `File > Options > General` பகுதியில் `Date format` என்பதை மாற்றிவிட்டு, புதன்கிழமை எத்தனை மணிக்கு முடிகிறது என்று எழுதுங்கள். நாட்காட்டிச் சிக்கல்களில் கிழமையை விட மணிதான் அதிகம் சொல்லும்.

தளப்பொறியாளர் · ஜூன் 3, மதியம் 12.05

திட்ட நாட்காட்டி "தளம்" என்றுதான் இருக்கிறது. முடியும் நேரம் புதன்கிழமை மாலை 7 மணி.

அட்டவணையாளர் · ஜூன் 3, மதியம் 12.40

மாலை 7 மணி என்று வருவதால் உங்கள் நாட்காட்டிதான் ஓடுகிறது என்பது உறுதி. விடுமுறையும் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. எண்ணிப் பாருங்கள்: முதல் வாரத்தில் திங்கள், செவ்வாய், புதன், வெள்ளி, சனி என ஐந்து நாள், இரண்டாம் வாரத்தில் திங்கள், செவ்வாய், புதன் என மூன்று நாள். ஆக மொத்தம் எட்டு வேலைநாளில் வேலை முடிந்துவிட்டது. பத்து எப்படி எட்டாயிற்று என்பதுதான் கேள்வி.

இந்த மென்பொருள் கால அளவை நாளாக வைத்துக்கொள்வதில்லை, நிமிடமாக வைத்துக்கொள்கிறது. நீங்கள் 10 நாள் என்று தட்டியவுடன் அதை மணியாக மாற்றுகிறது. அப்படி மாற்றும்போது உங்கள் நாட்காட்டியில் ஒரு நாளுக்கு எத்தனை மணி இருக்கிறது என்று பார்ப்பதில்லை. `File > Options > Schedule` பகுதியில் `Hours per day` என்று ஓர் எண் இருக்கிறது, அதைத்தான் பார்க்கிறது. யாரும் தொடாதவரை அந்த எண் 8. எனவே உங்கள் 10 நாள் 80 மணி ஆயிற்று. உங்கள் தளத்தில் ஒரு நாளுக்கு 10 மணி வேலை நடப்பதால், 80 மணி எட்டு நாளில் தீர்ந்துவிட்டது.

தளப்பொறியாளர் · ஜூன் 3, பிற்பகல் 3.20

`Hours per day` எண்ணை 10 ஆக்கினேன். முடியும் தேதி அப்படியே புதன்கிழமையில் நிற்கிறது. அதோடு, நான் 10 நாள் என்று கொடுத்திருந்த இடத்தில் இப்போது 8 நாள் என்று காட்டுகிறது. கோப்பில் உள்ள மற்ற வேலைகளின் கால அளவுகளும் இப்படியே மாறிவிட்டன.

அட்டவணையாளர் · ஜூன் 3, மாலை 4.00

உள்ளே இருப்பது இன்னும் அதே 80 மணிதான். அதைப் பத்தால் வகுத்துக் காட்டுவதால் 8 நாள் என்று தெரிகிறது. பணி எதுவும் குறையவில்லை, காட்டுகிற முறைதான் மாறியிருக்கிறது. கால அளவுகளை மறுபடியும் கையால் கொடுங்கள். கம்பி வேலைக்கு 10 நாள் என்று மீண்டும் தட்டினால் அது 100 மணியாகப் பதிவாகி, இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு முடியும். இந்த எண்ணை முதல் வேலையைத் தட்டுவதற்கு முன்பே சரி செய்ய வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். நூறு வரிகளைத் தட்டிய பிறகு மாற்றினால் நூறு வரிகளையும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

வரைவறை · ஜூன் 3, இரவு 8.15

இதில் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. `Hours per day` என்பது கோப்பு முழுவதற்கும் ஒரே எண். ஒரே திட்டத்தில் தளம் பத்து மணி, வரைபட அலுவலகம் எட்டு மணி என்று இருந்தால் அந்த எண்ணை எப்படி வைத்தாலும் ஒரு பக்கம் பிழையாகும். 10 என்று வைத்தால் அலுவலகத்தின் 5 நாள் வேலை 50 மணியாகி, அவர்களுடைய நாட்காட்டியில் ஆறே கால் நாள் ஓடும்.

ஆகவே நான் எல்லா நாட்காட்டிகளிலும் ஒரு நாளுக்கு எட்டு மணி என்றே வைக்கிறேன். தளத்தில் உண்மையில் பத்து மணி வேலை நடந்தாலும், நாட்காட்டியில் காலை 8 முதல் மாலை 5 வரைதான். எந்தெந்த நாளில் வேலை உண்டு, எதில் இல்லை என்பது மட்டுமே ஒவ்வொரு நாட்காட்டியிலும் வேறுபடும். கம்பி கட்டும் மேஸ்திரி தன் கணக்கை நாளில்தான் சொல்கிறார், மணியில் சொல்வதில்லை. அவர் சொல்லும் பத்து நாள் அட்டவணையிலும் பத்து நாளாகவே நிற்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அட்டவணையாளர் · ஜூன் 3, இரவு 9.05

நாள் கணக்கில் மட்டும் ஓடுகிற திட்டத்துக்கு வரைவறை சொல்லும் முறை பாதுகாப்பானது, நானும் அதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஆட்களின் மணியைப் பதிவு செய்து கூலியைக் கணக்கிடுகிற திட்டத்தில் அது செல்லாது, ஏனென்றால் பத்து நாளுக்கு நூறு மணி வேலை நடந்திருக்க, அட்டவணை எண்பது என்று சொல்லும். இரண்டு ஷிப்டு ஓடுகிற வேலைகளிலும் உண்மையான மணி இல்லாமல் முடியாது. அப்படிப்பட்ட திட்டங்களில் நான் எட்டு மணிக்காரர்களின் வேலையை நாளில் தட்டாமல் `40h` என்று மணியிலேயே தட்டுகிறேன். பார்ப்பதற்கு அழகாக இருக்காது, ஆனால் எதையும் மாற்றிப் பொருள்கொள்ள இடமில்லை.

பிரைமவெராவில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே ஒவ்வொரு நாட்காட்டிக்கும் ஒரு நாளுக்கு எத்தனை மணி என்ற தனி எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிர்வாக அமைப்பில் அந்த வசதி தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

தளப்பொறியாளர் · ஜூன் 4, காலை 8.35

எங்களுக்கு மணிக் கணக்கு தேவைப்படுவதால் பத்து மணியையே வைத்துக்கொண்டேன். கால அளவை மறுபடி தட்டியதும் கம்பி வேலை வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு வந்துவிட்டது. பிறகு அந்த வேலைக்குக் கம்பிக் குழுவை ஒதுக்கினேன். ஒதுக்கிய மறுகணமே முடியும் தேதி மூன்றாம் வாரம் புதன்கிழமை மதியம் 12 மணிக்குப் போய்விட்டது. கால அளவு 10 நாள் என்றே காட்டுகிறது.

அட்டவணையாளர் · ஜூன் 4, காலை 9.20

மதியம் 12 மணி என்பதுதான் இங்கே துப்பு. 100 மணியை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை நாள். `Standard` நாட்காட்டியில் அரை நாள் மதியம் 12 மணிக்கு முடியும். முதல் வாரம் ஐந்து, இரண்டாம் வாரம் ஐந்து, மூன்றாம் வாரம் திங்கள், செவ்வாய், புதன் பாதி. விடுமுறையான வியாழனும் இந்தக் கணக்கில் வேலைநாளாக நுழைந்திருக்கிறது, இரண்டு சனிக்கிழமைகள் காணாமல் போயிருக்கின்றன.

ஒரு வேலைக்கு ஆளை ஒதுக்கியவுடன் அந்த வேலை திட்ட நாட்காட்டியை விட்டுவிட்டு, அந்த ஆளின் நாட்காட்டியைப் பின்பற்றத் தொடங்கும். புதிதாகச் சேர்க்கிற எந்த ஆளுக்கும் அடிப்படை நாட்காட்டியாக `Standard` அமைந்துவிடுவது வழக்கம். `Resource Sheet` காட்சியில் `Base Calendar` என்ற நிரல் இருக்கிறது. அதில் கம்பிக் குழுவுக்கு "தளம்" என்று மாற்றுங்கள், தேதி வெள்ளிக்கிழமைக்குத் திரும்பிவிடும்.

புதுவரவு · ஜூன் 4, காலை 10.50

அப்படியானால் பொது விடுமுறைகளை ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டுமா? எங்கள் திட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். மனிதவளப் பிரிவு விடுப்புப் பட்டியலை மாதாமாதம் அனுப்புகிறது. அதிலுள்ள எல்லா நாட்களையும் திட்ட நாட்காட்டியிலேயே சேர்த்துவிட்டால் ஒரே இடத்தில் வேலை முடிந்துவிடும் அல்லவா?

அட்டவணையாளர் · ஜூன் 4, காலை 11.40

வேண்டாம். ஒருவருடைய விடுப்பைத் திட்ட நாட்காட்டியில் சேர்த்தால் அன்றைக்கு அந்த நாட்காட்டியைப் பின்பற்றும் வேலைகள் அனைத்தும் நிற்கும். நாற்பது பேரின் விடுப்பும் சேர்ந்தால் உங்கள் திட்டத்துக்கு வேலைநாளே மிஞ்சாது.

எல்லோருக்கும் பொதுவான விடுமுறையை அடிப்படை நாட்காட்டியில் ஒருமுறை சேர்த்தால் போதும், அதை அடிப்படையாகக் கொண்ட எல்லா ஆட்களுக்கும் அது தானாகவே போய்ச் சேரும். தனிப்பட்ட விடுப்பை அந்த ஆளின் சொந்த நாட்காட்டியில் மட்டும் சேர்க்க வேண்டும். ஆளின் பெயரை இரட்டைச் சொடுக்கினால் வரும் பெட்டியில் `Change Working Time` பொத்தான் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. ஓர் அடிப்படை நாட்காட்டியை நகலெடுத்து இன்னோர் அடிப்படை நாட்காட்டியை உருவாக்கினால், நகலெடுத்த நேரத்தில் இருந்த விடுமுறைகள்தான் அதில் இருக்கும். பிறகு மூலத்தில் நீங்கள் சேர்ப்பது நகலுக்குப் போகாது. ஆண்டு நடுவில் புதிதாக ஒரு விடுமுறை அறிவிக்கப்படும்போது, "தளம்" நாட்காட்டியில் சேர்த்துவிட்டு "அலுவலகம்" நாட்காட்டியை மறந்துவிடுவது இதனால்தான் நடக்கிறது. எத்தனை அடிப்படை நாட்காட்டிகள் இருக்கின்றனவோ அத்தனையையும் திறந்து சேர்க்க வேண்டும். எனவே அவற்றின் எண்ணிக்கையைச் சிறிதாக வைத்திருப்பது நல்லது.

பட்டைவரைபடம் · ஜூன் 4, பிற்பகல் 2.15

கான்கிரீட் கியூரிங்கைப் பற்றி யாரும் பேசவில்லை. அதற்கு விடுமுறை, ஞாயிறு எதுவும் கிடையாது. அந்த வேலைக்கு மட்டும் `24 Hours` நாட்காட்டியைக் கொடுத்து 7 நாள் என்று தட்டிவிட்டால் தீர்ந்தது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

வரைவறை · ஜூன் 4, பிற்பகல் 2.50

நோக்கம் சரி, ஆனால் இந்தக் கோப்பில் அப்படிச் செய்தால் ஆபத்து. `Hours per day` இப்போது 10 என்று இருப்பதால் 7 நாள் என்பது 70 மணி ஆகும். இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிற நாட்காட்டியில் 70 மணி மூன்று நாள்கூட வராது. சனிக்கிழமை மாலை 7 மணிக்குக் கான்கிரீட் ஊற்றி முடித்தால் செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்கே கியூரிங் முடிந்ததாக அட்டவணை சொல்லும். தளத்தில் யாராவது அதை நம்பிவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

`7ed` என்று தட்டுங்கள். அந்த `e` எழுத்து இருந்தால் ஒரு நாள் என்பது எப்போதும் 24 மணிதான், எந்த நாட்காட்டியையும் பார்க்காது. சனிக்கிழமை மாலை 7 மணிக்குத் தொடங்கினால் அடுத்த சனிக்கிழமை மாலை 7 மணிக்கு முடியும், அடுத்த வேலை திங்கட்கிழமை காலை தொடங்கும். சாதாரணமாக `7d` என்று "தளம்" நாட்காட்டியில் விட்டிருந்தால் அதற்கடுத்த திங்கட்கிழமை மாலைதான் முடிந்திருக்கும்.

பட்டைவரைபடம் · ஜூன் 4, மாலை 5.30

என் கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் 7 நாள் என்பது 56 மணியாக ஓடிக்கொண்டிருக்கிறது. `7ed` என்று மாற்றிவிட்டேன். ஆனால் நான் கியூரிங்கைத் தனி வேலையாகக் காட்டுவதை விட, கான்கிரீட்டுக்கும் அடுத்த வேலைக்கும் இடையிலுள்ள இணைப்பில் `FS+7ed` என்று வைப்பதையே விரும்புவேன். வரிகள் குறையும்.

வரைவறை · ஜூன் 4, மாலை 6.10

வரிகள் குறையும், ஆனால் கியூரிங் கண்ணில் படாமல் போகும். அட்டவணையை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுகிற தளத்தில், ஏழு நாள் வெற்றிடமாகத் தெரிந்தால் அதைச் சும்மா கிடக்கும் நேரம் என்று நினைத்து ஒருவர் சுருக்கப் பார்ப்பார். நான் அதைத் தனி வரியாகவே வைப்பேன்.

ஆலைப்பணி · ஜூன் 5, காலை 6.40

நான் வேறு வகைச் சிக்கலில் இருக்கிறேன். எங்கள் ஆலைப் பராமரிப்பில் இரவு ஷிப்டு மட்டும்தான். இரவு 10 முதல் காலை 6 வரை, திங்கள் இரவு தொடங்கி வெள்ளி இரவு வரை. நாட்காட்டிப் பெட்டியில் 10 PM முதல் 6 AM வரை என்று ஒரே வரியில் தட்டினால் ஏற்க மறுக்கிறது.

அட்டவணையாளர் · ஜூன் 5, காலை 8.20

அந்தப் பெட்டிக்கு ஒரு நாள் என்பது நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிவது. எனவே உங்கள் ஷிப்டை இரண்டாக வெட்ட வேண்டும். திங்கட்கிழமைக்கு இரவு 10 முதல் 12 வரை மட்டும். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு நாளுக்கும் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஒரு வரி, இரவு 10 முதல் 12 வரை இன்னொரு வரி. சனிக்கிழமைக்கு நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மட்டும். மென்பொருளோடு வருகிற `Night Shift` நாட்காட்டியைத் திறந்து பாருங்கள், நேரங்கள் வேறாக இருந்தாலும் அதே அமைப்பில்தான் இருக்கும்.

இந்த அமைப்பில் விடுமுறை சேர்க்கும்போது ஒரு குழி இருக்கிறது. வியாழக்கிழமை இரவு ஷிப்டுக்கு விடுமுறை என்று வையுங்கள். வியாழனை வேலையில்லா நாள் என்று குறித்தால் என்ன ஆகும்? வியாழன் அதிகாலை ஆறு மணி நேரம் அழிந்துவிடும், அது புதன்கிழமை இரவு வந்தவர்களின் நேரம். வியாழன் இரவின் இரண்டு மணி நேரமும் அழியும். ஆனால் வெள்ளி அதிகாலை ஆறு மணி நேரம் அப்படியே நிற்கும். அன்றைக்கு யாருமே வராத நேரத்தில் வேலை நடப்பதாக அட்டவணை சொல்லும்.

ஆலைப்பணி · ஜூன் 5, காலை 9.00

ஆனால் முடியும் தேதியில் எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லையே. சென்ற விடுமுறைக்கு நீங்கள் சொன்னபடியேதான் முழு நாளையும் குறித்திருந்தோம்.

அட்டவணையாளர் · ஜூன் 5, காலை 9.35

அதனால்தான் அது பலர் கண்ணில் படுவதில்லை. தவறாகக் குறித்தாலும் ஆறும் இரண்டும் எட்டு மணி போகிறது, சரியாகக் குறித்தாலும் இரண்டும் ஆறும் எட்டு மணிதான் போகிறது. பல நாள் ஓடுகிற வேலையின் முடிவு ஒன்றாகவே வரும். அந்த இரண்டு நாளுக்குள் முடிகிற வேலை இருந்தால்தான் வேறுபாடு வெளிப்படும். புதன் இரவு 10 மணிக்குத் தொடங்கும் எட்டு மணி வேலையை வைத்துச் சோதித்துப் பாருங்கள். அது வியாழன் காலை 6 மணிக்கு முடிய வேண்டும். உங்கள் இப்போதைய அமைப்பில் வெள்ளி காலை 6 மணி என்று வரும். காலை ஷிப்டு இயந்திரத்தை எப்போது கையில் வாங்கலாம் என்பது இந்த ஒரு மணியைத்தான் பொறுத்திருக்கிறது.

சரியான முறை இது: வியாழனுக்கு ஒரு விதிவிலக்கு போட்டு, அதை வேலையில்லா நாள் ஆக்காமல், நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மட்டும் வேலை என்று வையுங்கள். வெள்ளிக்கு இன்னொரு விதிவிலக்கு போட்டு இரவு 10 முதல் 12 வரை மட்டும் வேலை என்று வையுங்கள்.

புதுவரவு · ஜூன் 5, பிற்பகல் 12.30

மழை, திடீர் உடல்நலக் குறைவு போன்றவற்றை என்ன செய்வது? நாள் முன்கூட்டித் தெரியாதே. மாதத்துக்கு இரண்டு நாளை வேலையில்லா நாளாக நாட்காட்டியில் வைத்துவிடலாமா?

வரைவறை · ஜூன் 5, பிற்பகல் 1.20

நான் வைப்பதில்லை. எந்த நாள் என்று தெரியாத ஒன்றை ஒரு குறிப்பிட்ட தேதியில் குறித்தால், வேலை அந்தத் தேதிக்கு ஒரு நாள் முன்பே முடிந்துவிட்டால் அந்த ஒதுக்கீடு அதற்கு உதவாது. அன்றைக்கு நன்றாக வெயில் அடித்தால் நடக்கிற வேலையும் அட்டவணையில் நின்றதாகத் தெரியும். முடிவுக்கு முன்னால் "ஒதுக்கு நாட்கள்" என்று ஒரு தனி வரியை வைத்து, மழை பெய்யப் பெய்ய அதிலிருந்து குறைத்துக்கொண்டே வருகிறேன்.

அட்டவணையாளர் · ஜூன் 5, பிற்பகல் 2.05

திறந்தவெளி வேலைகளில் எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. மண் வேலைக்கு மட்டும் தனி நாட்காட்டி போட்டு, மழை மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளைக் கூடுதலாக அடைத்தால், வேலை மழை மாதத்துக்குத் தள்ளிப்போகும்போது அது தொடங்கி முடிவதற்கு ஆகும் நாட்கள் தானாகவே கூடும். கடைசியில் வைக்கிற ஒதுக்கு வரிக்கு அந்த உணர்வு கிடையாது. உள்ளே நடக்கிற வேலைகளுக்கு வரைவறை சொல்வதே போதும். உடல்நலக் குறைவை மட்டும் நானும் நாட்காட்டியில் சேர்ப்பதில்லை.

தளப்பொறியாளர் · ஜூன் 6, காலை 9.15

இங்கே சொன்னபடி கோப்பை முதலிலிருந்து அமைத்துவிட்டேன். கம்பி வேலை இரண்டாம் வாரம் வெள்ளி மாலை 7 மணிக்கு முடிகிறது. சனிக்கிழமை கான்கிரீட். கியூரிங் `7ed`, மூன்றாம் வாரம் சனி மாலை 7 மணி வரை. நான்காம் வாரம் திங்கட்கிழமை காலை இயந்திர அலைன்மெண்ட் தொடங்குகிறது. அதற்கு வருகிற நிபுணர் வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி வேலை செய்பவர், நான்காம் வாரம் புதன்கிழமை மட்டும் அவருக்கு விடுப்பு. `40h` என்று தட்டியதில் ஐந்தாம் வாரம் திங்கள் மாலை 5 மணி என்று வருகிறது. சோதனைக்காக `5d` என்று தட்டிப் பார்த்தேன், அதே வாரம் புதன்கிழமை காலை 10 மணி ஆயிற்று.

ஒன்று மட்டும் புரியவில்லை. அந்த அலைன்மெண்ட் வேலைக்கு "தளம்" நாட்காட்டியையே வேலை நாட்காட்டியாகவும் கொடுத்திருந்தார் எங்கள் அலுவலகத்து நண்பர். `Scheduling ignores resource calendars` என்ற கட்டத்திலும் குறியிட்டிருந்தார். அப்போது நிபுணரின் விடுப்பு நாளிலும் வேலை ஓடியது.

அட்டவணையாளர் · ஜூன் 6, காலை 10.00

அந்தக் கட்டத்தில் குறியிட்டால் ஆளின் நாட்காட்டி, விடுப்பு எதையும் மென்பொருள் பார்க்காது, வேலையின் நாட்காட்டியை மட்டும் பார்க்கும். குறியை எடுத்துவிட்டால் இரண்டு நாட்காட்டிகளிலும் வேலை நேரமாக இருக்கிற பொழுதுகளில் மட்டும் வேலை ஓடும். உங்களுக்கு அது காலை 8 முதல் மாலை 5 வரை, திங்கள் முதல் வெள்ளி வரை, விடுப்பு நீங்கலாக. இந்த வேலைக்குத் தனி வேலை நாட்காட்டியே தேவையில்லை, எடுத்துவிடலாம். மின்நிறுத்தம் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்யக்கூடிய இணைப்பு வேலை போன்றவற்றுக்குத்தான் அது பயன்படும். அப்போதும் அந்த ஞாயிற்றுக்கிழமையை அந்த ஆளின் நாட்காட்டியிலும் வேலைநாளாகத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டுக்கும் பொதுவான நேரமே இல்லை என்று எச்சரிக்கை வரும்.

தளப்பொறியாளர் · ஜூன் 6, காலை 10.25

குறியையும் வேலை நாட்காட்டியையும் எடுத்துவிட்டேன். திங்கள் மாலை 5 மணிக்கே நிற்கிறது. மின் இணைப்பு வேலை எங்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், அதற்கு வருகிற ஆளின் நாட்காட்டியை இப்போது திறக்கிறேன்.